சாத்தியிருந்த குளியலறைக் கதவு
தில்லி விடுதிகளில் பெண்மக்களை விட்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



பிப்ரவரி மாதத்தின் பிற்பாதி பிறந்துவிட்டால் தொலைபேசியில் நீங்கள் கேட்கும் கேள்விகள் எவையென்பது, உங்களிற் சிலருடைய குழந்தைகளுக்கு ‘லோக்கல் கார்டியன்’ என்ற முறையில் விடுதிப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். குளிர் விட்டதா, ரஜாய் போதுகிறதா, கணக்குக்கு டியூஷன் வைக்கலாமா, சாப்பாட்டில் காரம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள், ஆனால் ஆறாம் வகுப்பில் பதினொரு வயதுக் குழந்தையாக இங்கே வந்து சேர்ந்து, பதினேழு வயதில் யுவதியாகத் திரும்பப்போகும் அந்தப் பெண்ணுக்கு, ஆண்டில் இரண்டு இரண்டரை மாதமே வீட்டிலும் மீதிக் காலமெல்லாம் விடுதியிலும் கழிகின்றபடியால், முதல் மாதவிலக்கு உங்கள் வீட்டில் வருவதைவிட விடுதியில் வருவதற்கே சந்தர்ப்பம் அதிகம் என்பதை எண்ணிப் பார்த்து, “அன்றைக்கு அவள் பக்கத்தில் யார் இருப்பார்?” என்று கேட்டவர் மிகச் சிலரே. அந்த ஒரு கேள்விக்கு விடையாக ஒரு சிறுகதை சொல்லுகிறேன். கதையில் வருகிறவர்கள் கற்பனை மனிதர்கள். அவர்கள் செய்யும் காரியங்களோ நல்ல வார்டன்கள் நாள்தோறும் செய்து வருகிறவையே.

தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தெற்குத் தில்லியில் ஒரு விடுதியில் எட்டாம் வகுப்புப் படித்துவந்த பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு வள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அன்று காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் பரீட்சை. விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து, ரஜாயைத் தோளில் போர்த்திக்கொண்டு, கட்டிலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாற்கரங்களின் பரப்பளவை மீண்டுமொருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகையில், வெளிறிய நீல நிறச் சல்வாரின் பின்புறத்தில் ரூபாய் நாணயமளவுக்குப் பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை படிந்திருப்பதைக் கண்டாள். இரத்தமென்றால் சிவப்பாகத்தானே இருக்கவேண்டும், இது பழுப்பாக இருக்கிறதே, உள்ளே ஏதோ அழுகிப்போயிற்றோ, என்பதே அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம். அவளுடைய தாயார் இதைப்பற்றி அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. “நேரம் வரும்போது சொல்லிக்கிடலாம்” என்று நினைத்திருந்தார். நேரமோ ஆயிரம் மைலுக்கும் அப்பால் வந்துவிட்டது.

வள்ளி ஒரு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டாள். வெந்நீர்க் கீஸர் ஒன்றே உள்ள மாடியில், பரீட்சை நாளின் காலை ஐந்தே காலுக்குக் கதவுக்கு வெளியே வாளிகளோடு வரிசை நின்றுவிட்டது. பின்னால் நின்ற பெண்கள் கதவைத் தட்டவும், கத்தவும், கேலி செய்யவும் தொடங்கினார்கள். அப்பொழுது சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியேறி வந்த வார்டன், கர்வாலைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்மணி, அந்தக் கூச்சலைக் கேட்டு நிதானித்ததற்கு ஒரு காரணம் இருந்தது: இருபது நிமிஷமாகச் சாத்தியிருந்த அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விழும் ஓசையே வரவில்லை. எட்டாம் வகுப்புப் பெண், பரீட்சை நாள், சாத்திய கதவு, ஓசையில்லாத குழாய். பல ஆண்டுகள் பெண்குழந்தைகளோடு வாழ்ந்த அவருக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. “கீழ்த்தளத்துக் குளியலறை காலியாக இருக்கிறது, எல்லோரும் அங்கே போங்கள்” என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, வராந்தா ஓய்ந்த பிறகே கதவருகே போய், உள்ளே இருப்பவளுக்கு மாத்திரம் கேட்கும் குரலில் ஹிந்தியில் பேசினார்.

“பேட்டீ, இரத்தம் வந்திருக்கிறதா?”

நெடுநேரம் பதிலில்லை. பிறகு, “ஆமாம் மேம். எனக்கு என்னமோ ஆகிவிட்டது” என்று அழுகையோடு வந்தது.

“ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் வந்தது, உன் அம்மாவுக்கும் வந்தது, இந்த வரிசையில் நின்று கத்தினார்களே அவர்களில் பாதிப் பேருக்கு வந்துகொண்டிருக்கிறது. நீ கதவைத் திறக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் வருகிறேன்.”

அந்த அம்மையார் தம் அறைக்குப் போய் எடுத்துவந்தவை இவை: புதிய உள்ளாடை இரண்டு, பேட் இரண்டு, ஒரு கறுப்புப் பைஜாமா, பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு. இவற்றை அப்படியே கொடுத்துவிடாமல், முதல் உள்ளாடையில் பேட்டைத் தாமே பொருத்தினார். பின்புறத்துக் காகிதத்தை உரித்து, பசையுள்ள பக்கம் துணியில் படும்படி நடுவிலே ஒட்டி, இரு பக்கத்துச் சிறகுகளையும் உள்ளாடையின் விளிம்பைச் சுற்றிக் கீழே மடித்து அழுத்திவிட்டு, “இதை அப்படியே போட்டுக்கொள், அடுத்ததை நீயே இதைப் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம்” என்று கதவின் இடுக்கு வழியாக நீட்டினார். இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பேட்டைப் பாக்கெட்டோடு கையிலே திணித்துவிட்டுப் போனால், ஒன்றுமறியாத குழந்தை பசைப் பக்கத்தை உடம்பின் மேல் படும்படி வைத்துக்கொண்டு தோல் உரிய அவதிப்படுவதும், சிறகுகளை மடிக்காமல் விட்டு ஒரு மணி நேரத்தில் கறைபட்டு வகுப்பில் கூனிக்குறுகி உட்காருவதும் விடுதிகளில் சர்வ சாதாரணம்.

வெளியே வந்தவளைத் தம் அறையில் உட்காரவைத்து, ரொட்டியும் தயிரும் கொடுத்து (மாதவிலக்கில் தயிர் ஆகாது என்ற நம்பிக்கைக்கு வடக்கிலும் பஞ்சமில்லை, அந்த அம்மையாருக்கு அதில் நம்பிக்கையில்லை), சொல்லவேண்டியதை அவர் நாலைந்து வாக்கியங்களில் சொன்னார். இரத்தம் மெதுவாகக் கசிந்து வெளிவரும்போது காற்றுப் பட்டுப் பழுப்பாகிவிடும். முதல் முறையில் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். பார்வைக்கு அதிகமாகத் தெரிந்தாலும், எல்லா நாளும் சேர்த்துப் போகும் இரத்தம் வழக்கமாக முப்பது நாற்பது மில்லிதான், இரண்டு மூன்று மேஜைக்கரண்டி அளவு. இரண்டிலிருந்து ஏழு நாள் வரையில் இருக்கலாம். பேட் நனைந்தாலும் நனையாவிட்டாலும் நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். கழற்றியதைச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மூடியுள்ள கூடையில் போடவேண்டுமே தவிர, கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கறைபட்ட சல்வாரைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசிவிட்டுப் பிறகே சோப்புப் போடவேண்டும்; வெந்நீர் ஊற்றினால் கறை துணியிலேயே இறுகிவிடும். பிப்ரவரி மாதத்துத் தில்லிக் குழாய்த் தண்ணீர், விரல் விறைக்கும் அந்தத் தண்ணீர், இந்த ஒரு காரியத்துக்கு உதவும் என்று அவர் சொன்னபோது வள்ளி முதன்முதலாகச் சிரித்தாள்.

அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. “பரீட்சை ஹாலில் பெஞ்சிலே பட்டுவிட்டால்?”

அதற்கு ‘பயப்படாதே’ என்று சொல்லுவது விடையாகாது என்பது அந்த அம்மையாருக்குத் தெரியும். எட்டரை மணிக்குப் புதிய பேட் மாற்றிக்கொண்டு போனால், மூன்று மணி நேரப் பரீட்சை முடிந்து பன்னிரண்டே காலுக்குத் திரும்பும்போது நாலு மணி நேரம்கூட ஆகியிராது என்று அவளைக்கொண்டே கணக்குப் போடவைத்தார். கணக்குப் பரீட்சைக்குப் போகிறவள்தானே! மாற்று ஒன்றைப் பென்சில் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, அவள் அறியாமல் அல்ல, அவளிடம் சொல்லிவிட்டே, வகுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்: இந்தப் பெண் எழுந்து நின்றால் காரணம் கேட்காமல் வெளியே விடவேண்டும் என்று. அடிவயிற்றில் லேசான வலி இருந்தது. முதல் சில மாதங்களில் பல பெண்களுக்குக் கருமுட்டை வெளியாகாமலே மாதவிலக்கு வந்துவிடுவதால் கடுமையான வலி பெரும்பாலும் பின்னாலேதான் தலைகாட்டும். ஆயினும் சிலருக்குத் தொடக்கத்திலேயே வலிப்பதுண்டு. அவர் மாத்திரை கொடுக்கவில்லை. துவாலையில் சுற்றிய வெந்நீர்ப் பையை அரைமணி நேரம் வயிற்றில் வைத்திருக்கச் சொன்னதே போதுமானதாயிற்று. பரீட்சையை அவள் எழுதினாள். எத்தனை மதிப்பெண் என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, கற்பனையல்லாத ஒரு சம்பவத்தை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியவளாயிருக்கிறேன். தில்லியிலிருந்து வடகிழக்கே சில மணி நேரப் பிரயாணத்தில், முஸாஃபர்நகர் ஜில்லாவின் கதௌலிப் பகுதியில், ஏழைக் குடும்பத்துப் பெண்குழந்தைகளுக்காக அரசாங்கம் நடத்தும் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலய விடுதி ஒன்றில், 2017-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், குளியலறையில் இரத்தக் கறை காணப்பட்டது என்பதற்காக, அது யாருடையது என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய எழுபது மாணவிகளின் ஆடைகளைக் களையச் செய்தார் என்று அவ்விடுதியின் வார்டன்மீது குழந்தைகள் புகார் செய்தார்கள். அவர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. என் கதையின் தொடக்கமும் அந்தச் சம்பவத்தின் தொடக்கமும் ஒன்றே: ஒரு குளியலறை, சிறிது இரத்தம், ஒரு வார்டன். ஒருவர் அந்த இரத்தம் யாருடையது என்று ஊரறியக் கண்டுபிடிக்க முற்பட்டார். மற்றவர் அது யாருடையது என்பது தம்மைத் தவிர ஒருவருக்கும் தெரியாதபடி வராந்தாவைக் காலி செய்தார். கருணை என்று நாம் பொதுப்படையாகச் சொல்லும் குணம், விடுதியில், இத்தகைய பத்து நிமிஷத்துக் காரியங்களாகத்தான் வெளிப்படுகிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறது. பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் கோரி உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், நாடு முழுமைக்கும் ஒரே சீரான கொள்கை வகுக்கும்படி 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய அரசுக்கு உத்தரவாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்தியக் கல்வித் துறை, பொதுத்தேர்வு நடக்கும் மையங்களில் நாப்கின் இலவசமாக வைத்திருக்கவேண்டும், தேர்வின் நடுவே மாணவிகள் கழிப்பறைக்குப் போய்வர அனுமதிக்கவேண்டும் என்று பள்ளிகளுக்கு அறிவுரை அனுப்பியது. நல்ல காரியந்தான். ஆனால் அந்த அறிவுரை பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் பெரும்பாலான பெண்களுக்கு இது பழகிப்போன விஷயமாகிவிடுகிறது. ஒன்றுமறியாமல் திகைத்து நிற்கும் முதல் நாளோ ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில், எந்தச் சுற்றறிக்கையும் கவனிக்காத பள்ளிக்கூடத்து உள்பரீட்சைகளின் நடுவே வருகிறது. பள்ளி வராந்தாவில் நாணயம் போட்டால் நாப்கின் தரும் யந்திரம் இருக்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடமும் பூட்டியிருக்கும், குழந்தையின் கையில் நாணயமும் இராது.

இனிக் கதையின் பிற்பகுதி. அன்று மத்தியானம் வார்டன் வள்ளியை அழைத்து, “உன் அம்மாவுக்கு நீ சொல்லுகிறாயா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார். காலையிலேயே செய்தியைச் சொல்லியிருந்தால் பரீட்சைக்கு முன்னால் குழந்தையிடம் பேசவேண்டுமென்று தாயார் அழுது புலம்பியிருப்பார். அதை எண்ணியே அவர் பொறுத்திருந்தார். வள்ளிக்குத் தாயாரிடம் நேரே சொல்ல வெட்கம். வார்டனுக்குத் தமிழ் தெரியாது, தாயாருக்கு ஹிந்தி தெரியாது. ஆகையால் என்னைப்போல் லோக்கல் கார்டியனாக இருந்த ஒரு மாமி துபாஷியானார்.

“எக்கா, பெரிய மனுஷி ஆயிட்டாளா எம் புள்ள!” என்று தாயாரின் குரல் ஆனந்தமும் அழுகையுமாக வந்தது. “நாளைக்கே அவ அப்பாவ வரச் சொல்லுதேன். தாய்மாமன் ஓலை கட்டணும், தலைக்குத் தண்ணி ஊத்தணும். அங்க கண்ட எடத்துல அவ இருக்கக் கூடாது.”

இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. தில்லியிலிருந்து சென்னைக்கே ரயிலில் ஒன்றரை நாள். அங்கிருந்து தென்காசிக்கு ஓரிரவு. வார்டன் சொன்னதை மாமி அப்படியே தமிழில் சொன்னார்: “பரீட்சை முடியட்டும் அம்மா. சடங்கு மே மாதத்திலும் செய்யலாம், மாமன் எங்கும் போய்விடமாட்டார். இப்பொழுது அவளோடு சந்தோஷமாக ஐந்து நிமிஷம் பேசுங்கள், போதும்.”

மஞ்சள் நீராட்டைப்பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் தந்து ஒரு வாரம் ஒரு பெண்ணைச் சீராட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை; வேலை செய்து ஓய்ந்த தாய்மார்களுக்குக்கூட அப்படி ஒரு வாரம் கிடைத்தால் நல்லது. பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, வகுப்புத் தோழர்களும் பார்க்கும்படி விளம்பரப் பலகை கட்டுவதுதான் என் மனத்துக்கு ஒவ்வவில்லை. எதுவாயினும் அது விடுமுறைக்காலத்து விஷயம். மாதவிலக்கு வந்த செய்தி கேட்டவுடன் பெண்ணைப் பரீட்சையிலிருந்து பிடுங்கி அழைத்துப்போக வந்து நிற்கும் தந்தையரை விடுதிகள் கண்டிருக்கின்றன. அந்தக் குழந்தை அடுத்த ஆண்டு தோழிகளிடம் சொல்லும் பாடம், ‘வந்தால் சொல்லிவிடாதே’ என்பதே.

கதையில் வார்டன் செய்த கடைசிக் காரியம், வள்ளிக்கு ஒரு சிறிய நாட்காட்டியைக் கொடுத்து, அன்றைய தேதியைச் சுற்றி வட்டமிடச் சொன்னது. எந்தப் பெண்ணுக்கு எப்போது விலக்கு என்று எழுதிவைத்து, சமையற்கட்டுக்கும் பூஜை அறைக்கும் யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் பதிவேடுகள் சில விடுதிகளில் உண்டு. இந்த அம்மையார் தம் பதிவேட்டில் ஒரு புள்ளியும் வைக்கவில்லை. கணக்கு குழந்தையினுடையது, அவளிடமே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அடுத்தது இருபத்தெட்டாம் நாள் வரும் என்று அவர் சொல்லவுமில்லை. தொடக்க ஆண்டுகளில் இருபத்தொரு நாளிலும் வரும், நாற்பத்தைந்து நாளிலும் வரும், சில வேளை இரண்டு மாதம் தள்ளியும் வரும். இதை அறியாத பெண், ‘மாதந்தோறும்’ என்ற சொல்லை நம்பி இருபத்தெட்டாம் நாள் காத்திருந்து, வராதபோது ஏதோ கெட்டுவிட்டதென்று இன்னொரு முறை பயப்படுகிறாள். அல்லது ஊருக்குப் போகும் ரயிலில், பையில் ஒன்றும் இல்லாத நிலையில், நாக்பூரைத் தாண்டுகையில் அகப்பட்டுக்கொள்கிறாள்.

இவற்றில் எது இயல்பு, எது நோய் என்பதை மட்டும் வார்டனும் நீங்களும் ஒருசேரத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு பேட் முழுவதும் நனைந்து, அது பல மணி நேரம் தொடர்ந்தாலும், ஏழு நாளைக்குமேல் நிற்காமல் போனாலும், அதை ‘முதல் முறை அப்படித்தான்’ என்று விட்டுவிடலாகாது. அடிக்கடி மூக்கில் இரத்தம் வடியும் குழந்தை, பல் விழுந்தபோது நெடுநேரம் இரத்தம் நிற்காத குழந்தை, இவர்களுக்கு இரத்தம் உறைவதில் பிறவியிலேயே ஒரு குறை இருந்து, அது முதல் மாதவிலக்கில்தான் வெளிப்படுவதுண்டு. மருத்துவர் ஹீமோகுளோபினும் இரத்தத் தட்டணுவும் பார்த்து மேற்கொண்டு சோதனை செய்வார். அத்தகைய வரலாறு உங்கள் குடும்பத்தில் இருந்தால் வார்டனுக்கு அதைச் சொல்லக்கூடியவர் உங்களைத் தவிர ஒருவருமில்லை. ஒரு தடவை தொடங்கியது பிறகு மூன்று மாதமாக வராமல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். மற்றபடி, பள்ளிகளில் வாரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறதென்று ஜன்னல் வழியே எறியாமல், சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறாளா என்று கேளுங்கள். மதிப்பெண் கேட்கும் அதே தொலைபேசியில் இதையும் கேட்கலாம்.

ஜூலையில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது, அவள் பெட்டியில் இரண்டு பாக்கெட் பேட், கூடுதலாக நாலு உள்ளாடை, கரு நிறத்தில் ஒரு பைஜாமா, ஒரு வெந்நீர்ப் பை, இவற்றை வையுங்கள். பிரித்து ஒட்டுவது எப்படியென்று வீட்டிலேயே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். வார்டனைச் சந்திக்கும்பொழுது மெஸ் பில்லைப்பற்றிப் பேசிய பிறகு, இரவில் நாப்கின் எங்கே வைத்திருக்கிறீர்கள், அந்த அலமாரியின் சாவி விடியற்காலையில் யாரிடம் இருக்கும், குளியலறையில் மூடியுள்ள கூடை இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வலி வந்தால் வார்டன் மாத்திரை கொடுக்கத் தயங்குவார், தயங்கவும் வேண்டும். ஆகையால் குழந்தையின் எடையைப் பார்த்து உங்கள் மருத்துவர் எழுதித் தந்த பாராசிட்டமாலின் அளவையும், சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம் என்ற உங்கள் சம்மதத்தையும் ஒரே தாளில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, லோக்கல் கார்டியனின் தொலைபேசி எண்ணோடு அவரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறுங்கள்.

இப்படிக்கு,
தில்லியில் வசிக்கும் ஒரு லோக்கல் கார்டியன்